திருப்தியடைந்த வாடிக்கையாளரிடம் நற்சான்றும் அறிமுகமும் கேட்பது எப்படி? தனியாகத் தொழில் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

தனியாகச் சேவைத் தொழில் செய்யும் பலருக்கு வேலையை நன்றாக முடித்துக் கொடுப்பதில் சிரமம் இல்லை. அந்த வேலையைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் கேட்கத்தான் வாய் வருவதில்லை. கேட்டால் கெஞ்சுவது போலாகிவிடுமோ என்ற கூச்சம் தடுக்கிறது. கூச்சத்தை விட்டுக் கேட்டாலும் "நல்ல சேவை, மிக்க நன்றி" என்று எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் ஒரு வரிதான் வந்து சேர்கிறது. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு, சரக்கிருப்பு மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இந்த இரண்டு சங்கடங்களையும் நெடுநாள் பட்ட பிறகுதான் எனக்கு ஒரு முறை கைகூடியது. புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் அதே பாட்டைப் பட வேண்டாம் என்பதற்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

கேட்பது பெரிதாகவும் மங்கலாகவும் இருந்தால் கேட்பவருக்குக் கூச்சம், தருபவருக்குச் சுமை. நாம் கேட்பதைச் சிறியதாக்கி, அவர் ஏற்கெனவே வாயால் சொன்னதோடு கோத்துக் கேட்டால் இரண்டும் பெருமளவு குறைந்துவிடும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

எடுத்துக்காட்டாக ஒரே வாடிக்கையாளரைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன். வாகன உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனம். அதன் கணக்குப் பிரிவு மேலாளர் ஒரு பெண்மணி. அவர்களுக்குச் சரக்கிருப்பு மென்பொருளை அமைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. எதைக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

நற்சான்று வேறு, அறிமுகம் வேறு. நற்சான்று என்பது உங்கள் வேலையைப் பற்றி அவர் எழுதியோ பேசியோ தருவது. அதற்கு அவர் செலவிடுவது பத்து நிமிட நேரம். அறிமுகம் என்பது தமக்குத் தெரிந்த ஒருவரிடம் உங்களை அனுப்பிவைப்பது. அங்கே அவர் செலவிடுவது தம் பெயரை. நாளைக்கு நீங்கள் அந்தப் புதியவரிடம் சொதப்பினால், வாங்கிக் கட்டிக்கொள்வது அறிமுகப்படுத்தியவர்தான். அதனால் அறிமுகத்தைக் கேட்க இன்னும் கூடுதலான நம்பிக்கை வேண்டும்.

இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள். "இரண்டு வரி எழுதித் தாருங்கள், அப்படியே தெரிந்தவர்கள் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்" என்று சேர்த்துக் கேட்டால் கனமான கோரிக்கை இலேசானதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு பார்க்கலாம் என்று எடுத்துவைப்பார், அத்தோடு இரண்டும் கிடைக்காது. முதலில் நற்சான்று, சில வாரங்கள் கழித்து அறிமுகம் என்ற வரிசை எனக்குச் சரியாக அமைந்தது. தம் கையால் ஒரு நற்சான்றை எழுதியவருக்கு, உங்களைப் பற்றி இன்னொருவரிடம் என்ன சொல்வது என்பது முன்பே தெளிவாகியிருக்கும்.

2. நேரம் பார்த்துக் கேளுங்கள்

பெரும்பாலோர் வேலையை ஒப்படைக்கும் நாளிலேயே கேட்கிறார்கள். அன்றைக்கு வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. மென்பொருள் இயங்குகிறது என்பதை மட்டும் பார்த்திருப்பார், அதனால் தமக்கு என்ன மிச்சமானது என்பதை இன்னும் அனுபவித்திருக்க மாட்டார். உங்கள் வேலையின் பலன் எப்போது முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியுமோ, அதற்கு மறுநாள்தான் சரியான நேரம். நம் எடுத்துக்காட்டில் அது முதல் மாதக் கணக்கு முடிப்பு. அதற்குள் ஏதாவது இடறும் என்று எதிர்பார்த்தால் இரண்டாவது மாதக் கணக்கு முடிப்பு வரை பொறுத்திருங்கள். உட்புற அலங்காரம் செய்பவருக்கு அந்த நேரம், வீட்டுக்காரர்கள் குடிபுகுந்து சில வாரங்கள் கழித்து வரும். மொழிபெயர்ப்பாளருக்கு ஆவணம் உரிய அலுவலகத்தில் ஏற்கப்பட்ட அன்றே வந்துவிடும்.

வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பணம் நாளுக்குத் தவறாமல் வருவதோ, புகார் எதுவும் வராததோ அதற்கு அடையாளம் ஆகாது. சிலர் வாய் திறக்காமலே அடுத்த முறை வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். நம்பத்தக்க அடையாளம், நீங்கள் கேட்காமலே ஒரு குறிப்பான பலனை அவர் சொல்வது. "நன்றாக இருக்கிறது" என்றால் மரியாதைக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். "இந்த மாதம் சரக்கிருப்பு சரிபார்ப்பு ஒரே நாளில் முடிந்துவிட்டது" என்றால் அது மனத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் தேதியோடு அப்படியே குறித்து வையுங்கள். நீங்கள் எழுதப்போகும் கடிதத்துக்கு அதுதான் முதல் வரி.

அடையாளம் ஒன்றும் தெரியவில்லை என்றால் நேராக நற்சான்று கேட்க வேண்டாம். முதலில் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இதில் இன்னும் எந்த இடம் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது?" ஏதாவது குறை வந்தால் அதைத் தீர்த்துக் கொடுங்கள். ஒரு சிக்கலைச் சொன்னவுடன் தீர்த்துக் கொடுத்த பிறகு கேட்டால், முன்பு இருந்ததைவிட நல்ல மனத்தோடு எழுதுவார்கள்.

கேட்கக் கூடாத நேரங்களும் உண்டு. நிலுவைப் பணம் பாக்கி இருக்கும்போது கேட்காதீர்கள். "எழுதித் தருகிறேன், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பேச்சு பேரத்துக்குத் திரும்பலாம். அப்படி வாங்கும் எழுத்து விலைக்கு வாங்கியதாகிவிடும். பில்லோடு சேர்த்தும் அனுப்பாதீர்கள், அந்தக் கடிதம் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும். புகார் ஒன்று தீராமல் இருக்கும்போதும், ஆண்டுக் கணக்கு முடிப்பு போன்ற நெருக்கடியில் அவர்கள் இருக்கும்போதும் பொறுத்திருங்கள்.

3. கேட்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். ரகசியம் காப்பது பற்றிய பிரிவு ஒன்று அதில் இருக்கக்கூடும். வாடிக்கையாளரின் பெயரை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற வரியும் பல நிறுவன ஒப்பந்தங்களில் இருக்கும். இருந்தால் முயற்சியை அங்கேயே விட்டுவிட வேண்டியதில்லை, ஆனால் எழுத்துமூலமான தனி அனுமதி இல்லாமல் ஓர் எழுத்தைக்கூட வெளியிடக் கூடாது.

அடுத்தது, கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பது. நீங்கள் தினமும் பேசிப் பழகியவர் மேலாளராக இருப்பார். நிறுவனப் பெயரை வெளியே கொடுக்கும் அதிகாரம் உரிமையாளரிடமோ சட்டப் பிரிவிடமோ இருக்கும். அவர் ஆர்வத்தோடு எழுதித் தருவார், நீங்கள் வெளியிடுவீர்கள், பிறகு மேலிடத்திலிருந்து எடுக்கச் சொல்லி அழைப்பு வரும். உங்களுக்கு உதவ வந்தவர் தம் அலுவலகத்தில் தலைகுனிந்து நிற்க நேரும். ஆகவே எழுதித் தரச் சொல்வதற்கு முன்பே, "இதற்கு உங்கள் நிறுவனத்தில் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டியிருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். தனி உரிமையாளர் என்றால் அவரே சொல்லிவிடுவார். பெரிய நிறுவனம் என்றால் அனுமதிக்கே சில வாரங்கள் பிடிக்கலாம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, வேலை தொடங்கும் முன் நிலைமை எப்படி இருந்தது என்ற குறிப்பு வேண்டும். முதல் சந்திப்பில் அவர்கள் சொன்ன சிரமங்களை எழுதிய தாள், பழைய ஏட்டின் நிலை, ஒரு வேலைக்கு எத்தனை நாள் பிடித்தது என்பது போன்றவை. பலன் பழகிப்போன பிறகு வாடிக்கையாளருக்குப் பழைய சிரமம் மறந்துவிடும். அவருக்கு நினைவூட்ட உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும். இந்தக் குறிப்பை வேலை முடிந்த பிறகு உருவாக்க முடியாது, முதல் நாளே எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும்.

4. வாயால் கேளுங்கள், அன்றே எழுதி அனுப்புங்கள்

முன்னறிவிப்பு இல்லாமல் வரும் கடிதம் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பியது போல் தோன்றும். முதலில் தொலைபேசியிலோ நேரிலோ ஒரே வாக்கியமாகக் கேளுங்கள்: "மேடம், நீங்கள் இப்போது சொன்னதை என் புதிய வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். மூன்று சின்னக் கேள்விகள் அனுப்பட்டுமா?" அவர் சரி என்றால் அன்று மாலைக்குள் கடிதம் போய்விட வேண்டும். நாள் தள்ளிப்போனால் பேசிய சூடு ஆறிவிடும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய மேடம், வணக்கம்.

மாதக் கடைசி சரக்கிருப்பு சரிபார்ப்பு இந்த முறை ஒரே நாளில் முடிந்ததாக இன்று காலை சொன்னீர்கள். கேட்டு மிகவும் மகிழ்ந்தேன்.

நீங்கள் அனுமதித்தபடி மூன்று கேள்விகளை அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிகள் எழுதினால் போதும்.

ஒன்று, இந்த மென்பொருள் வருவதற்கு முன் மாதக் கடைசி வேலை எப்படி நடந்தது?

இரண்டு, இப்போது எது மாறியிருக்கிறது?

மூன்று, தொடங்கும் முன் உங்களுக்கு என்ன தயக்கம் இருந்தது? அது பிறகு என்ன ஆயிற்று?

எழுத நேரமில்லை என்றால் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் எழுத்தாக்கி உங்களிடம் காட்டுகிறேன். நீங்கள் படித்துச் சம்மதம் தந்த பிறகே எங்கும் வெளியிடுவேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். இப்படி எழுதித் தருவது உங்கள் நிறுவன வழக்கத்துக்கு ஒத்துவராது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். நம் வேலையில் அதனால் எந்த மாற்றமும் இராது.

அன்புடன்,"

முதல் வரியில் அவர் சொன்னதே இருக்கிறது. படித்தவுடன் "ஆமாம், சொன்னேன்" என்ற நினைப்பு வரும், பாதி எழுதி முடித்ததுபோல் ஆகிவிடும். "என் சேவை எப்படி இருந்தது?" என்ற கேள்வியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அப்படிக் கேட்டால் "சிறப்பாக இருந்தது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. முன்பு எப்படி, இப்போது எப்படி என்று கேட்டால் நடந்தது வரும். நற்சான்றைப் படிக்கும் புதியவரும் அதைத்தான் தேடுகிறார்.

மூன்றாவது கேள்வியை நீக்கிவிட எல்லோருக்கும் தோன்றும். நம் குறையை நாமே தோண்டுவானேன் என்ற பயம். ஆனால் புதிதாக வருபவரின் மனத்திலும் அதே தயக்கம்தான் இருக்கும், அதைத் தம்மைப் போன்ற ஒருவர் கடந்து வந்ததைப் படிப்பதைவிட அவருக்குத் தெம்பு தருவது வேறில்லை. மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

மறுப்பதற்கு வழிவிடும் கடைசி வரியும் முக்கியம். அது இல்லாவிட்டால் விருப்பமில்லாதவர் பதிலே போடாமல் இருந்துவிடுவார், அடுத்த முறை உங்களைப் பார்க்கும்போது அவருக்குத்தான் சங்கடம். மறுக்க இடம் கொடுத்தால் உறவு உறவாகவே இருக்கும்.

5. "நீங்களே எழுதி அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றால்

இதைப் பலர் அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் நீங்கள் எழுதினால் உங்கள் விளம்பரத் தாளின் குரல்தான் அதில் கேட்கும். ஐந்து வாடிக்கையாளர்களுக்கு நீங்களே எழுதினால் ஐந்தும் ஒரே ஆள் எழுதியதாகப் பளிச்சென்று தெரியும். அவர் அனுபவிக்காத ஒன்றை அவர் பெயரில் எழுதினால் அது பொய்ச் சான்று. பல நாடுகளின் நுகர்வோர் சட்டப்படி தண்டனைக்குரியதும்கூட.

அதற்கு இப்படிப் பதில் சொல்லலாம்: "நீங்கள் ஐந்து நிமிடம் பேசுங்கள், நான் குறித்துக்கொண்டு அதைத் தொகுத்துத் தருகிறேன்." அவர் பேசியதைத் தொகுப்பது தவறே இல்லை. தொகுத்ததை அவர் படித்துத் திருத்திச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் மேலாளர் குரல் பதிவில் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"முன்பெல்லாம் மாதக் கடைசி வந்தாலே பயம். சரிபார்க்க மூன்று நாள் ஆகும். கடை மூடிய பிறகும் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அப்படியும் ஏட்டில் இருக்கும் எண்ணும் அலமாரியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாது. இப்போது ஒரே நாளில் முடிகிறது. வித்தியாசம் வந்தால் எந்தப் பில்லில் வந்தது என்று தேடி எடுக்க முடிகிறது. பழைய ஆட்கள் கணினியைத் தொடவே மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு பழகிவிட்டார்கள்."

இதைத் தொகுத்தால்:

"மாதக் கடைசியில் சரக்கிருப்பு சரிபார்க்க முன்பு மூன்று நாள் ஆகும், அப்படியும் ஏட்டில் இருக்கும் எண்ணும் அலமாரியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாது. இப்போது ஒரே நாளில் முடிகிறது, வித்தியாசம் எந்தப் பில்லில் வந்தது என்று தேடி எடுக்க முடிகிறது. பழைய ஆட்கள் கணினியைத் தொடவே மாட்டார்கள் என்று நினைத்தேன். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, பிறகு பழகிவிட்டார்கள்."

திரும்பத் திரும்ப வந்ததையும் வழியில் வந்த பேச்சையும் விட்டதைத் தவிர வேறு கைவைக்கவில்லை. "ஒரே நாளில்" என்பதை "சில மணி நேரத்தில்" என்று மாற்றவில்லை. "அலமாரி" என்பதை "கிடங்கு" என்று மெருகேற்றவும் இல்லை, அவர் கண்ணில் படுவது அலமாரிதான். "முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது" என்ற வரியை எடுத்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று கை துடிக்கும். எடுக்காதீர்கள். மற்ற மூன்று வாக்கியங்களையும் நம்ப வைப்பது அந்த ஒரு வரிதான். மேலும் அதைப் படித்துவிட்டு வரும் அடுத்த வாடிக்கையாளர் முதல் வாரமே "ஆட்கள் முரண்டு பிடிக்கிறார்கள்" என்று பதறிப்போய் அழைக்க மாட்டார், அவருக்கு அது முன்பே தெரியும்.

6. ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்

தொகுத்ததை அனுப்பும்போதே ஒப்புதலையும் கேட்டுவிட்டால் ஒரு சுற்று மிச்சம். முத்திரைத் தாள் எல்லாம் பொதுவாகத் தேவைப்படாது, மின்னஞ்சலில் வரும் தெளிவான பதிலே போதும். ஆனால் எதற்கெல்லாம் ஒப்புதல் என்பது அதில் பிரித்துச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். வாசகத்துக்கு ஒப்புதல் தந்தவர் புகைப்படத்துக்கும் தந்ததாக ஆகாது.

"மேலே உள்ள வாசகத்தை என் இணையதளத்திலும் நான் அனுப்பும் விலைக் குறிப்புகளிலும் பயன்படுத்த அனுமதி கேட்கிறேன். உங்கள் பெயர், பதவி, நிறுவனப் பெயர், புகைப்படம் ஆகிய நான்கில் எவற்றைச் சேர்க்கலாம் என்று குறிப்பிடுங்கள். எப்போது எடுத்துவிடச் சொன்னாலும் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுகிறேன்."

இதற்கு "பெயரும் பதவியும் மட்டும் போடலாம், நிறுவனப் பெயர் வேண்டாம்" என்று பதில் வந்தால் அப்படியே செய்யுங்கள், வற்புறுத்த வேண்டாம். "கணக்குப் பிரிவு மேலாளர், வாகன உதிரிபாக மொத்த விற்பனை நிறுவனம்" என்று போட்டாலும் படிப்பவருக்குப் பயன் குறைந்துவிடாது. வந்த பதிலைத் தேதியோடு தனிக் கோப்பில் வையுங்கள். அவர் வேலை மாறிப் போய், புதிதாக வந்தவர் "இதை யார் அனுமதித்தது?" என்று கேட்கும் நாளில் அது தேவைப்படும்.

அன்பளிப்பு பற்றி ஒரு வார்த்தை. நற்சான்று கேட்கும்போது தள்ளுபடியோ பரிசோ தருவதாகச் சொல்லாதீர்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி, நல்லதாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சன்மானம் கொடுப்பதைத் தடை செய்கிறது. கூகுளில் இடப்படும் மதிப்புரைகளுக்கு நிபந்தனை இல்லாமல் சன்மானம் கொடுப்பதுகூட அந்த நிறுவனத்தின் விதிப்படி தவறு. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மதிப்புரை கேட்பதையும் அது அனுமதிப்பதில்லை. ஆகவே அப்படிப்பட்ட பொதுத் தளங்களில் கேட்பதாக இருந்தால் எல்லா வாடிக்கையாளர்களிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். நான் இங்கே சொல்லிவரும் முறை, உங்கள் சொந்த இணையதளத்திலும் விலைக் குறிப்பிலும் போடுவதற்கான நற்சான்றுக்கு உரியது.

7. அறிமுகம் கேட்பது

நற்சான்று வந்து மூன்று நான்கு வாரம் ஆகட்டும். அதற்குள் அது எங்கே வெளியாகியிருக்கிறது என்று அவருக்கு ஒரு வரி எழுதி நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் அடுத்த உதவிக்குப் போய் நிற்பது முறையாகாது.

"உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள். "யாராவது" என்ற சொல்லுக்கு முகம் இல்லை. எப்படிப்பட்டவர், அவருக்கு என்ன சிரமம் என்று சொன்னால் முகம் தானாக வரும். நம் மேலாளரிடம் இப்படிக் கேட்கலாம்:

"மேடம், உங்களுக்குச் சரக்கு அனுப்புபவர்களிலோ உங்களிடம் வாங்குபவர்களிலோ, இன்னும் கையால் ஏடு எழுதி மாதக் கடைசியில் திண்டாடுகிறவர் யாராவது நினைவுக்கு வருகிறார்களா? இருந்தால் முதலில் அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் சரி என்றால் மட்டும் நான் பேசுகிறேன்."

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். பலர் அன்பின் மிகுதியில் உடனே ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவுடன் அழைக்காதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு நீங்கள் யாரோ ஒருவர், எண்ணை யார் கொடுத்தது என்ற எரிச்சல் அறிமுகப்படுத்தியவர் மீது திரும்பும். "அவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள், பிறகு அழைக்கிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

அவர் அப்படியே மறு அனுப்பல் செய்யக்கூடிய ஒரு சிறு குறிப்பையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் என்ன எழுதுவது என்று யோசித்தே நாள் போய்விடும். மூன்று வரி போதும்: "மாதக் கடைசி சரக்கிருப்பு சரிபார்ப்பை எளிதாக்கும் மென்பொருளை இவர் எங்களுக்கு அமைத்துக் கொடுத்தார். உங்களுக்கும் இந்தச் சிரமம் இருப்பதாகச் சொன்னீர்களே, விருப்பமிருந்தால் அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். உங்கள் எண்ணை இவரிடம் கொடுக்கலாமா?" இதில் உங்களைப் புகழ்ந்து ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். புகழ வேண்டும் என்று தோன்றினால் அவரே தம் சொற்களில் சேர்த்துக்கொள்வார்.

அறிமுகத்துக்குத் தரகு கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களில் பல நாடுகளில் அதற்குத் தடை உண்டு, உங்கள் தொழிலின் விதியை முதலில் பாருங்கள். தடை இல்லை என்றாலும், அறிமுகமாகி வருபவருக்கு அந்த ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவருக்குத் தனிப்பட்ட முறையில் தரகு கொடுப்பது அவருடைய வேலைக்கே உலை வைக்கலாம். நான் கொடுப்பதில்லை. நன்றிக் கடிதமும், அவர்களுக்கு ஓர் அவசரம் என்றால் முதலில் போய் நிற்பதும்தான் என் கைம்மாறு.

அறிமுகம் நடந்த பிறகு, முடிவு எதுவானாலும் அறிமுகப்படுத்தியவருக்குத் தெரிவியுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும், "பேசினோம், இப்போதைக்கு அவர்களுக்கு இது தேவைப்படவில்லை, நல்லபடியாகப் பேசி அனுப்பினார்" என்று ஒரு வரி. இது வராவிட்டால், தாம் அனுப்பிவைத்த இடத்தில் என்ன நடந்ததோ என்ற உறுத்தல் அவருக்கு இருந்துகொண்டே இருக்கும். பிறகு வேறு யாரையும் அனுப்ப மாட்டார். புதியவரின் விலை விவரத்தையோ அவருடைய உள்விவகாரத்தையோ மட்டும் அந்த வரியில் சேர்க்காதீர்கள்.

8. பதில் வராவிட்டால்

கடிதத்தில் சொன்ன நாள் கடந்து ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு நினைவூட்டல், அதுவும் கோரிக்கையை இன்னும் சிறிதாக்கி: "மேடம், மூன்று கேள்விக்கும் நேரம் இல்லை என்றால் இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஒரு வரி போதும்." அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை சந்திக்கும்போது நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அவராக எடுத்து மன்னிப்புக் கேட்டால், "பரவாயில்லை" என்று சொல்லி வேலைப் பேச்சுக்குப் போய்விடுங்கள்.

பதில் வந்து, அதில் புகார் இருந்தால்? அதைக் கடிதத்தில் வாதாடாமல் அன்றே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். குறையைத் தீர்த்த பிறகும் அதே வாடிக்கையாளரிடம் உடனே நற்சான்று கேட்காதீர்கள். தீர்த்துக் கொடுத்ததே அதற்காகத்தானோ என்று தோன்றிவிடும். அடுத்த மாதக் கணக்கு முடியட்டும்.

வெளியிட்ட நற்சான்றுகளை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எழுதியவர் அதே பதவியில் இருக்கிறாரா, நீங்கள் அந்தச் சேவையை இன்னும் தருகிறீர்களா என்று சரிபார்த்து, பொருந்தாததை எடுத்துவிடுங்கள். பதவி மாறியிருந்தால், அவர் எழுதியபோது வகித்த பதவியையும் ஆண்டையும் சேர்த்துப் போடலாமா என்று அவரிடமே ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.